பேட்டரி இல்லாத அட்டை

நாளைக்கு அப்பாவின் மெஷினை மாற்ற ஆள் வருகிறார். பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போவார். எல்லோரும் படுத்துவிட்டார்கள். தூங்குகிறார்களா என்று தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா கல் அறுக்கும் பட்டறையில் இருந்தவர். சமையலறை மேடைக்கும் கழிவறைத் தரைக்கும் பலகை பலகையாகக் கல் அறுத்துக் கொடுப்பார். அந்தத் தூள் உள்ளே போய்ப் போய் நுரையீரல் இறுகிவிட்டது. "பழைய ஸ்பாஞ்சு காஞ்சு போனா எப்படி இருக்கும், அப்படி" என்று டாக்டர் சொன்னார். இப்போது அவர் மூச்சு ஒரு பெட்டியில் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி. அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். மலையேறும் லாரி மாதிரி இரவும் பகலும் உறுமும். பக்கத்து வீட்டுக்காரர் முதல் மாதம் சண்டைக்கு வந்தார். அப்பாவைப் பார்த்தபிறகு, "சும்மா நலம் விசாரிக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாயைக் கழற்றிவிட்டு அப்பாவால் மூன்று அடி நடக்க முடியாது. உதடு நீலமாகிவிடும். அப்புறம் கண் சொருகும்.

பெட்டியின் வயிற்றில் ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் மெஷின் கீச் கீச்சென்று கத்தும், ஆனால் நிற்காது. இருபது நிமிடம் தாங்கும். அறை மூலையில் அவசரத்துக்கு ஒரு இரும்பு சிலிண்டரும் இருக்கிறது. அதன் தலையில் சாவி மாட்டித் திருப்ப வேண்டும். அப்பாவின் கையில் அந்த பலம் இல்லை. பகலில் அப்பா தனியாகத்தான் இருப்பார். அக்கா ஆபீஸ், நான் பள்ளிக்கூடம், அம்மா இரண்டு தெரு தள்ளி சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அடிக்கடி படுத்துவிடும். மெஷின் கத்தினதும் அப்பா அம்மாவுக்கு போன் போடுவார். அம்மா வரிசையில் நிற்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். வந்து சிலிண்டரைத் திறப்பாள். கடையில் அவளுக்கு "தீயணைப்பு வண்டி" என்று பேர் வைத்திருக்கிறார்கள். மேனேஜர் இதுவரை பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

அதாவது, அந்த இருபது நிமிடம்தான் எங்கள் குடும்பம். அம்மா ஓடிவரும் தூரம் அது.

அக்காவின் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் மார்க்கெட் ஆராய்ச்சிக் கம்பெனியில் இருக்கிறாள். ஒரு பொருளைச் செய்கிறவர்கள் வந்து, "எங்கள் வாடிக்கையாளர்கள் எதை ரொம்ப மதிக்கிறார்கள்" என்று கேட்பார்கள். அக்கா அதற்கான கேள்விகளைக் கட்டுவாள். போன வருடம் வந்த வேலை, அப்பாவின் மெஷினைச் செய்கிற அதே கம்பெனியுடையது. புது மாடல் கொண்டுவரப் போகிறார்களாம். எதை வைக்கலாம், எதை விடலாம் என்று தெரிய வேண்டுமாம். அக்கா துள்ளிக் குதித்தாள். "இந்த மெஷினைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்? நானே கேட்டு வாங்கிட்டேன்!" என்றாள்.

முதல் சோதனை எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. அட்டைகளை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மெஷின்: மாத வாடகை இவ்வளவு, சத்தம் இவ்வளவு, எடை இவ்வளவு, பேட்டரி இவ்வளவு. மூன்று மூன்று அட்டையாக வைத்தாள்.

"இதுல ஒண்ணுதான் எடுக்கணும்" என்றாள்.

"மூணையும் எடுத்தா என்ன, உங்க கம்பெனி நடுத்தெருவுக்கு வந்துடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"அம்மா, விஷயமே அதான். எது முக்கியம்னு நேரா கேட்டா, எல்லாமே முக்கியம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. வாடகையும் குறையணும், சத்தமும் வரக்கூடாது, கனமும் இருக்கக்கூடாது. யாருக்குத்தான் வேணாம்? ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விட்டுக்கொடுன்னு நிறுத்தி வச்சாத்தான் மனசுல இருக்கறது வெளிய வரும்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் இப்படி மூணு அட்டை காட்டியிருக்கலாம்."

"எனக்குக் காட்டினாங்களே" என்று அப்பா மூச்சுக்கு நடுவே சொன்னார். "மத்த ரெண்டும்... இன்னும் சத்தம் ஜாஸ்தி."

அம்மா கரண்டியைத் தூக்கினாள். அப்பா குழாயைக் காட்டி, "நோயாளியை அடிக்கக்கூடாது" என்றார்.

பேட்டரியில் மூன்று நிலை வைத்திருந்தாள் அக்கா: பேட்டரியே கிடையாது, பதினைந்து நிமிடம், முப்பது நிமிடம். அப்பா அட்டைகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேட்டரி இருப்பதை எடுத்தார். அடுத்த மூன்று. அதிலும் பேட்டரி இருப்பதை எடுத்தார். இரண்டில் பேட்டரி இருந்தால் மட்டும் சத்தத்தையும் வாடகையையும் ஒப்பிட்டார். ஒன்றில்தான் இருந்தால் மற்ற எதையும் பார்க்கவே இல்லை.

"அப்பா, இதோட வாடகை ரெண்டு மடங்கு. சத்தமும் இப்ப இருக்கறதைவிட அதிகம். படிச்சுத்தான் எடுக்கறீங்களா?"

"படிச்சேன். பேட்டரி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதுதான், பெரியவளே."

அக்கா அடுத்து நுரையீரல் மருத்துவமனையில் காத்திருக்கிறவர்களிடமும் அதே அட்டைகளைக் காட்டினாள். பதினான்கு பேர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அப்பா மாதிரியே செய்தார்கள். பேட்டரி இல்லாத அட்டையை ஒருத்தர்கூடத் தொடவில்லை.

அக்காவின் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பேர் சராசரி சார். எதைக் கேட்டாலும் "சராசரியா பார்த்தா" என்றுதான் ஆரம்பிப்பார். நல்ல மனிதர்தான். அப்பாவுக்கு முதல்முறை மூச்சு நின்றபோது ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனது அவர். அவர் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னதை அவள் அன்றைக்கு எனக்கு விளக்கினாள். அப்போது அவளுக்கு அது ஒரு சுவாரஸ்யமான கணக்காக இருந்தது. எனக்கும்தான்.

"பேட்டரி இல்லைன்னு ஒரு நிலை இருந்தா, எல்லாரும் அதை மட்டுமே பார்த்து முடிவு பண்றாங்க. வாடகைக்கும் சத்தத்துக்கும் நடுவுல எதை விடுவாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது. அதனால அந்த நிலையை எடுத்துடணும். எல்லா அட்டையிலயும் பேட்டரி இருக்கட்டும். பதினஞ்சு, இருபது, முப்பது நிமிஷம்னு மட்டும் மாறட்டும். அப்ப மத்ததெல்லாம் வெளிய வரும்."

"அது சரியா அக்கா?"

"சரிதான்டி. எல்லாரும் செய்யறதுதான். பேட்டரி வேணும்னு நமக்குத்தான் முன்னாடியே தெரியுமே. தெரிஞ்சதை எதுக்கு மறுபடி கேக்கணும்?"

பேட்டரியே இல்லாவிட்டால் எடுப்பீர்களா என்று கடைசியில் தனியாக ஒரு கேள்வி வைக்கலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாளாம். ஏற்கெனவே பன்னிரண்டு திரை இருக்கிறது, அதற்கு மேல் போனால் ஜனங்கள் சலித்துப்போய் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார்கள் என்று சராசரி சார் வேண்டாமென்றார். அதுவும் உண்மைதான்.

நிஜமான கணக்கெடுப்பில் சில நூறு பேர் பதில் சொன்னார்கள். நோயாளிகள், அவர்கள் வீட்டு ஆட்கள். முடிவு வந்த அன்று அக்கா வீட்டிலிருந்து வேலை செய்தாள். அறிக்கையில் வரைபடமாக நான்கு பட்டைகள். வாடகைப் பட்டை ஓடிக்கொண்டே போயிற்று. அதற்கடுத்தது சத்தம். அப்புறம் எடை. கடைசியில் கடித்துத் துப்பிய நகம் அளவுக்கு ஒன்று. பேட்டரி, ஆறு சதவீதம்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"ஒவ்வொண்ணுலயும் இருக்கறதுல நல்ல நிலைக்கும் மோசமான நிலைக்கும் நடுவுல மனசு எவ்வளவு தூரம் போகுதுன்னு அளக்கறோம். அந்த தூரம்தான் பட்டை. வாடகைல ஏழாயிரம், மூவாயிரம்னு பெரிய வித்தியாசம் வச்சோம். பேட்டரில பதினஞ்சுக்கும் முப்பதுக்கும் நடுவுலதான் வச்சோம். பதினஞ்சு நிமிஷமே போதும்ங்கறாங்க. அதனால சின்னதா இருக்கு."

"அப்ப பேட்டரி முக்கியமில்லைன்னு அர்த்தமா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அறிக்கையைத் திறந்து அந்தப் பட்டைக்குக் கீழே ஒரு வரி எழுதினாள். சோதித்த நிலைகளுக்குள் மட்டுமே இது பொருந்தும் என்று. எழுத்து சின்னதாக இருந்தது. பெரிதாக்கினாள். சராசரி சார் அதைத் திரும்பச் சின்னதாக்கிவிட்டார், மற்ற குறிப்புகளோடு ஒத்துப்போகவில்லை என்று.

மெஷின் கம்பெனிக்கு அறிக்கையைக் காட்டும் கூட்டம் கணினியில் நடந்தது. அக்கா சமையலறை மேடையில் கணினியை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் குழாயடியில் மெஷினின் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாரா வாரம் அது என் வேலை. திரையில் கம்பெனி மேடம். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அருமையா செஞ்சிருக்கீங்க. ரொம்பத் தெளிவா இருக்கு. பேட்டரி ஆறு சதவீதம், கடைசி. சரியா?"

"ஆமா மேடம், ஆனா..." என்றாள் அக்கா.

"பேட்டரியை எடுத்துட்டா எடையில கால்வாசி போயிடும். வாடகையும் இறங்கும். அந்த இடத்துல சத்தத்தை அடக்கற உறையும் வச்சிடலாம். அவங்க கேக்கற முதல் ரெண்டு மூணு விஷயமும் கையில கிடைச்ச மாதிரி."

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"மேடம், பேட்டரி இல்லாம ஒரு மெஷினை நாங்க யாருக்கும் காட்டவே இல்லை. பதினஞ்சு நிமிஷத்துக்குக் கீழ என்ன நடக்கும்னு இந்தக் கணக்கு சொல்லாது."

"காட்டியிருந்தா ஆறு எவ்வளவு ஆகியிருக்கும்? எட்டா? பத்தா?"

"அப்படி இல்ல மேடம். முன்சோதனைல காட்டினோம். பதினாலு பேர். ஒருத்தர்கூட..."

"பதினாலு பேர்" என்று மேடம் சிரித்தார். கிண்டலாக இல்லை, அன்பாகத்தான். "இங்க நானூறு பேர் இருக்காங்களேம்மா."

சராசரி சார் நடுவில் வந்தார். "அதைப் பத்தி குறிப்பு போட்டிருக்கோம் மேடம். பின்னிணைப்புல விவரமா இருக்கு."

"பார்த்துக்கறோம் சார். நன்றி."

அவ்வளவுதான். திரை மூடியது. அக்கா மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்பா உள்ளேயிருந்து, "வாண்டு, வடிகட்டி ஆச்சா?" என்று குரல் கொடுத்தார். வாண்டு நான்தான்.

அதற்குப்பிறகு அக்கா விடவில்லை. மேடத்துக்கு இரண்டு முறை எழுதினாள். முதலாவதற்கு "கவனத்தில் கொள்கிறோம்" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, அடுத்த சுற்று ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வந்தது. அடுத்த சுற்று எப்போது என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும் இருநூறு பேரிடமாவது கேட்போம் என்று சராசரி சாரிடம் போய் நின்றாள்.

"யார் செலவுலம்மா?" என்று கேட்டாராம் அவர். "நாம கேள்வி கேக்கறவங்க. பொருள் செய்யறவங்க அவங்க. எல்லாத்துக்கும் நாம பொறுப்பெடுத்தா நம்மால தூங்க முடியுமா?"

"எங்கப்பா அந்த மெஷின்லதான் சார் இருக்கார்."

சார், "தெரியும்மா. அதனாலதான் நீ அந்தப் பதினாலு பேரையே பிடிச்சிட்டு நிக்கறேன்னு அவங்க நினைச்சிடுவாங்க" என்றாராம்.

வீட்டில் இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அப்பாவிடம் சொல்லாதே, கம்பெனிக்காரர்கள் முடிவை மாற்றிவிடுவார்கள், எப்படியும் மாற்றிவிடுவார்கள் என்றாள். நானும் நம்பினேன். எத்தனையோ பேர் பார்த்துத்தானே ஒரு மெஷின் செய்வார்கள், யாராவது ஒருவருக்குத் தோன்றாதா?

தோன்றவில்லை. வாடகைக்குக் கொடுக்கிற கடையிலிருந்து போன வாரம் போன் வந்தது. பழைய மாடலுக்கு உதிரிபாகம் நின்றுவிட்டது, எல்லோருக்கும் புதியதுதான், மாற்றிக்கொள்ளச் செலவு கிடையாது என்றார்கள். நான்தான் போனை எடுத்தேன். பேட்டரி இருக்கிறதா என்று கேட்டேன். "பேட்டரியெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க? சத்தமே வராது, பாரேன்" என்றார் அந்தக் கடைக்காரர். பழையதையே வைத்துக்கொள்கிறோம் என்றேன். ரிப்பேர் ஆனால் நாங்கள் வரமாட்டோம், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார். பழைய மெஷின் ஒரு மாதமாக மஞ்சள் விளக்கு காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது. ஆக்சிஜன் முன்பு மாதிரி சுத்தமாக வருவதில்லை. அது அக்காவுக்கும் தெரியும்.

வெளியே ஒரு இன்வெர்ட்டர் மாட்டினால் என்ன என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். சுவர் பிளக்கைத் தவிர வேறெதில் மாட்டினாலும் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். எடுத்தால் எடுக்கட்டும் என்று எலெக்ட்ரிக் கடைக்குப் போனாள். இந்த மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்புக்குப் பெரியது வேண்டும், எங்கள் கடையில் இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டும், எத்தனை நாள் ஆகுமென்று சொல்ல முடியாது என்றார்கள். சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. புது மெஷின் வருகிறது என்றதும் அவருக்கு எத்தனை சந்தோஷம்! பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இனிமே உங்களுக்குத் தூக்கம் வரும். எம் பொண்ணு கேட்ட கேள்வியாலதான் சத்தத்தைக் குறைச்சிருக்காங்க" என்றார். அவர், "அப்படியா! டிவி சத்தத்தையும் குறைக்கச் சொல்லி எங்க வீட்டம்மாகிட்ட கேக்கச் சொல்லுங்க" என்றார். அக்கா எழுந்து கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிற்று.

இன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் அப்பாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா சாதாரணமாகக் கேட்டார்.

"பெரியவளே, புதுசுல பேட்டரி எத்தனை நிமிஷம்? முப்பது வச்சிருக்காங்களா?"

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான். இருபதா, முப்பதா?"

"இல்லப்பா."

"பதினஞ்சா? பரவாயில்லை. உங்கம்மா வேகமா ஓடுவா."

"பேட்டரியே இல்லப்பா."

அம்மாவின் கை பாதியில் நின்றது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேஜையில் காட்டிய அட்டைகள், ஆஸ்பத்திரியில் பதினான்கு பேர், பேட்டரி இல்லாத அட்டையை எடுத்துவிட்டது, ஆறு சதவீதம், மேடம், எல்லாம்.

அம்மாவுக்குத்தான் முதலில் வாய் திறந்தது.

"இருடி. கூரை பத்தடி உசரம் வேணுமா, பன்னெண்டடி வேணுமான்னு ஊரெல்லாம் கேட்டீங்க. எதுவா இருந்தா என்னன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்காக கூரையே வேணாம்னு முடிவு பண்ணிட்டானுங்களா?"

"ஆமாம்மா."

"படிச்சவங்கதானே எல்லாரும்?"

"விடு" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஏதோ மெல்ல ஓடியது. "அப்ப, நான் ஒவ்வொரு தடவையும் பேட்டரியையே எடுத்ததாலதான்... அதைக் கேள்வியிலேர்ந்து எடுத்துட்டீங்க."

"அப்பா..."

"நடுவுல ஒண்ணு ரெண்டு மாத்தி எடுத்திருக்கணும். வேணாம் வேணாம்னு கொஞ்சம் பிகு பண்ணியிருக்கணும்." அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. அம்மா முதுகைத் தடவினாள், நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அடங்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

மூச்சு திரும்பியதும் அக்காவின் தலையில் கை வைத்தார். "உன் கேள்வி தப்பில்லை. நீ தெரிஞ்சுக்க வேண்டியதுக்கு அதான் சரி. அவங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற." அப்போதுதான் அக்கா அழுதாள்.

அப்புறம் யார் வீட்டில் இருப்பது என்று பேச்சு வந்தது. அம்மா வேலையை விட்டால் சாப்பாடு போகும். அக்கா விட்டால் மெஷின் வாடகையும் மருந்தும் போகும்.

"நான் இருக்கேன்" என்றேன்.

"வாயை மூடு" என்றாள் அம்மா.

"நான் இருக்கேன்மா. சாவியைத் திருப்ப எனக்கு வரும். மத்தவங்க யாரும் இருக்க முடியாது. நீயே சொல்லு."

அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அப்பா மட்டும், "யாரும் இருக்க வேணாம். சிலிண்டர் சாவியைக் கொடு" என்றார். கட்டில் பக்கத்துக்கு சிலிண்டரை நகர்த்தச் சொன்னார். நானும் அக்காவும் நகர்த்தினோம். சாவியை மாட்டினார். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். கழுத்து நரம்பு புடைத்தது. சாவி அசையவில்லை. மூக்கில் குழாய் இருக்கும்போதே அசையவில்லை. இல்லாதபோது எப்படி? கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி முயன்றார். மூன்றாவது தடவை கை வழுக்கி சாவி தரையில் விழுந்தது. நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

லேசாகத் திறந்தே வைத்திருந்தால் என்ன என்று நான் கேட்டேன். அப்படி வைத்தால் கசிந்து கசிந்தே ஒரே நாளில் காலியாகிவிடும், அடுத்தது சீக்கிரம் வராது என்று அக்கா சொன்னாள்.

"பழகினா வந்துடும்" என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு.

அம்மா எழுந்துபோய் என் பள்ளிக்கூட டைரியை எடுத்துவந்தாள். வகுப்பு ஆசிரியைக்கு லீவு கேட்டு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, காய்ச்சல் என்று எழுதினாள். எத்தனை நாள் என்ற இடத்தில் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு ஒரு வாரம் என்று போட்டாள்.

இப்போது அக்கா பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திரும்பாமலேயே, "இன்வெர்ட்டர் வந்துடும்டி" என்றாள். நான் ம் என்றேன்.

நாளைக்கு அந்த ஆள் வந்து பழையதை எடுத்துக்கொண்டு போன பிறகு, பகல் முழுவதும் நானும் அப்பாவும் மட்டும் இருப்போம். புதியது சத்தமே போடாது என்கிறார்கள். கீச்சென்று கத்துவதற்குப் பேட்டரியும் இல்லை, கரண்ட் போனால்கூட வித்தியாசம் தெரியுமோ என்னவோ. ஒவ்வொரு நிமிஷமும் அது ஓடுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் பார்ப்பேன். அடுத்த வாரம் யார் என்று சாயங்காலத்திலிருந்து இதுவரை யாரும் கேட்கவில்லை.